84 சதவீதத்தை முழு வளையமாக்காதீர்கள்: செயல்திறன் அறிக்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிக்கைக் குழுவினருக்கு,

அரையாண்டு அறிக்கையின் முதல் பக்கத்தில் புகார் தீர்வுக்காக நீங்கள் வைத்திருக்கும் பச்சை வளையத்தைப் பற்றித்தான் இந்த மடல். நடுவில் 93% என்று பெரிதாக எழுதியிருக்கிறது. வளையம் ஏறக்குறைய மூடிவிட்டது, உச்சியில் மட்டும் மெல்லிய கீற்றாக வெள்ளை தெரிகிறது. அந்தப் பக்கம் மேலே போன மறுவாரமே எங்கள் பிரிவுக்குத் தற்காலிகமாகக் கொடுத்திருந்த கூடுதல் ஆட்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். "அதான் இலக்கைத் தொட்டாச்சே, இன்னும் எதுக்கு ஆள்?" என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். நாங்கள் இலக்கைத் தொடவில்லை. தொட்டுவிடும் தூரத்திலும் இல்லை.

எண்களை முதலில் வைத்துவிடுகிறேன். அந்த ஆறு மாதத்தில் எங்கள் பிரிவு முடித்து வைத்த புகார்கள் 1,800. அவற்றில் கெடு நாளுக்குள் முடிந்தவை 1,512. அதாவது 84 சதவீதம். எங்களுக்கு வைத்திருக்கும் இலக்கு 90 சதவீதம். அதன்படி 1,620 புகார்கள் கெடுவுக்குள் முடிந்திருக்க வேண்டும், 108 குறைகிறது. எங்கள் பிரிவிலிருந்து உங்களுக்கு வந்த கோப்பில் 84 என்றுதான் இருக்கிறது. அது வளையத்துக்குள் 93 ஆனது எப்படி என்று டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தேன். யாரும் எண்ணைத் திருத்தவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் டெம்ப்ளேட்டில் அழகுக்காகவும் வசதிக்காகவும் எடுத்த சின்னச் சின்ன முடிவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. அவை எல்லாமே ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன.

முதல் முடிவு, 84-ஐ 90-ஆல் வகுத்தது. 84 ÷ 90 = 93.3 சதவீதம். வளையம் காட்டுவது நாங்கள் எத்தனை புகாரை நேரத்தில் தீர்த்தோம் என்பதை அல்ல, இலக்கில் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை. கணக்கு தப்பில்லை. ஆனால் நடுவில் வெறும் 93% என்று போட்டு, மேலே 'கெடுவுக்குள் தீர்ந்த புகார்கள்' என்று தலைப்பு வைத்தால் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? நூறு பேர் புகார் கொடுத்தால் 93 பேருக்கு நேரத்தில் தீர்வு கிடைத்தது என்றுதான். உண்மையில் கிடைத்தது 84 பேருக்கு.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வோர் இலக்கு, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் காட்ட இலக்கால் வகுப்பதுதான் வழி. எண்ணிக்கையை வைத்து அமைந்த இலக்குகளுக்கு இதை ஏற்கிறேன். 400 பேருக்குப் பயிற்சி தர வேண்டும், 372 பேருக்குத் தந்தாயிற்று என்றால் வளையத்தில் 93 என்பது நேர்மையான எண். முழு வளையம் என்றால் 400, அவ்வளவுதான். ஆனால் ஏற்கனவே சதவீதமாக இருக்கும் ஒன்றுக்கு அதற்கென்று ஒரு நூறு இருக்கிறது. அந்த நூறு என்பது வந்து முடிந்த எல்லாப் புகாரும். அதைக் கழற்றிவிட்டு 90-ஐ நூறாக்கினால், தாமதமானாலும் பரவாயில்லை என்று விட்டுவைத்த 10 சதவீதம் படத்திலிருந்தே காணாமல் போகிறது. கெடு தாண்டிய 288 புகார்களில் 180 கண்ணுக்குத் தெரியாது, மீதி 108 மட்டும் கீற்றாகத் தெரியும்.

இதே எண்ணைத் தலைகீழாகவும் சொல்லலாம். அனுமதித்த தாமதம் 10 சதவீதம், நடந்த தாமதம் 16 சதவீதம். அனுமதித்ததைவிட 60 சதவீதம் அதிகத் தாமதம்! இதுவும் கணக்குப்படி சரிதான். இதை முதல் பக்கத்தில் சிவப்பில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை, அது எதிர்ப்பக்கம் ஊதிப்பெருக்குவது. 84 என்ற எண்ணை 84 ஆகவும், 90 என்ற இலக்கை அதன் பக்கத்தில் 90 ஆகவும் வைத்தால் போதும், இரண்டு ஊதலும் வேண்டாம்.

இரண்டாவது விஷயம் உங்களில் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். வளையத்தின் கோட்டுக்கு உருண்டை முனை வைத்திருக்கிறீர்கள். பார்க்க மென்மையாக இருக்கிறது, இப்போது எல்லாச் செயலியிலும் அப்படித்தான் வரைகிறார்கள். ஆனால் இந்த வளையத்தை வரையும் எஸ்விஜி மொழியில் `stroke-linecap="round"` என்று போட்டால் கோட்டின் இரண்டு முனையிலும் கோட்டுத் தடிமனில் பாதி கூடுதலாக நீளும். உங்கள் டெம்ப்ளேட்டில் ஆரம் 40, தடிமன் 12. சுற்றளவு 251.3 அலகு. இரு முனையிலும் 6, 6 என்று மொத்தம் 12 அலகு தானாகக் கூடுகிறது. அது சுற்றளவில் 4.8 சதவீதம். ஆரம்ப முனை 12 மணி நிலையைத் தாண்டிப் பின்னால் போகிறது, கடைசி முனை முன்னால் போகிறது. இரண்டும் சேர்ந்து தின்பது மிச்சமிருக்கும் காலி இடத்தை.

இதை எங்கள் எண்ணுக்குப் போட்டுப் பார்க்கலாம். 93.3 சதவீதம் நிரம்பினால் மிச்சம் 16.8 அலகு இருக்க வேண்டும். அதில் 12 போனால் 4.8 அலகு, சுற்றளவில் 2 சதவீதம்கூட இல்லை. டிகிரியில் சொன்னால், 84 சதவீதத்தை உள்ளபடி வரைந்திருந்தால் காலி இடம் 57.6 டிகிரி. இலக்கால் வகுத்ததும் அது 24 டிகிரி ஆனது. முனையை உருட்டியதும் நடுக்கோட்டில் அளந்தால் 7 டிகிரிக்கும் கீழே வந்துவிட்டது. கெடு தாண்டிய 288 குடும்பங்களோ, ஆட்களோ, அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் படத்தில் மிச்சமிருப்பது அந்த 7 டிகிரிதான்.

இன்னும் கொஞ்சம் போய்ப் பாருங்கள். அடுத்த முறை நாங்கள் 86 சதவீதம் எடுத்தால், இலக்கால் வகுத்து 95.6 ஆகும். மிச்சம் 11.2 அலகு. உருண்டை முனைகள் எடுத்துக்கொள்வது 12. அதாவது இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வளையம் மூடிக்கொள்ளும். இலக்குக்கு 4 சதவீதப் புள்ளி கீழே இருக்கும்போதே படம் முழு நிறைவைக் காட்டும். அதற்குப் பிறகு நாங்கள் 86-லிருந்து 90-க்குப் போனாலும், ஓரங்களில் உள்ள சிறு பிளவுகள் நிரம்புவதைத் தவிர, படத்தில் எந்த மாற்றமும் தெரியாது. எந்த இடத்தில் வித்தியாசம் கண்ணில் பட வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் இந்தப் படம் குருடாகிவிடுகிறது.

இது வெறும் அலங்காரப் பிரச்சினை, நடுவில்தான் எண் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். தரவுக் காட்சி ஆய்வாளர்கள் ட்ரூ ஸ்காவும் ராபர்ட் கொசாராவும் 2016-இல் வட்ட, வளைய வரைபடங்களைப் பிரித்துப் பிரித்துச் சோதித்துப் பார்த்தார்கள். இவற்றை நாம் மையக் கோணத்தை வைத்து மட்டும் படிக்கிறோம் என்ற பழைய எண்ணம் அதில் நிற்கவில்லை. வில்லின் நீளமும் நிரம்பிய பரப்பும்தான் கண்ணுக்கு அதிகம் உதவுகின்றன. உருண்டை முனை கூட்டுவதும் அதே நீளத்தையும் பரப்பையும்தான். போதாததற்கு இங்கே நடுவில் இருக்கும் எண்ணும் 93.

சரிசெய்வது கஷ்டமில்லை. `pathLength="100"` என்று கொடுத்துவிட்டால் சுற்றளவுக் கணக்கே தேவையில்லை, சதவீதத்தை நேராகப் போடலாம். முனையை வெட்டு முனையாக வைத்து, இலக்குக்குத் தனியாக ஒரு குறுக்குக் கோடு போட்டால் முடிந்தது.

```html
<svg viewBox="0 0 100 100">
  <g fill="none" stroke-width="12" stroke-linecap="butt"
     transform="rotate(-90 50 50)">
    <circle cx="50" cy="50" r="40" stroke="#ddd"/>
    <circle cx="50" cy="50" r="40" stroke="#36c"
      pathLength="100" stroke-dasharray="84 100"/>
    <circle cx="50" cy="50" r="40" stroke="#000"
      pathLength="100" stroke-dasharray="0.6 100"
      stroke-dashoffset="-89.7"/>
  </g>
</svg>
```

கடைசி வட்டம்தான் இலக்குக் கோடு, 89.7-இல் தொடங்கி 90.3-இல் முடியும். இப்போது படத்தைப் பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் தெரியும்: எவ்வளவு வந்தது, எங்கே வந்திருக்க வேண்டும், முழுசு எவ்வளவு. உருண்டை முனை இல்லாமல் முடியவே முடியாது என்று வடிவமைப்பாளர் அடம் பிடித்தால், கோட்டை மெல்லியதாக்கச் சொல்லுங்கள். அதே ஆரத்தில் தடிமன் 4 என்றால் மிகை 1.6 சதவீதம்தான். இல்லையென்றால் இரண்டு பக்கமும் கூடும் நீளத்தை முன்கூட்டியே கழித்துவிட்டு வரையச் சொல்லுங்கள். எனக்கு வெட்டு முனைதான் பிடித்திருக்கிறது, யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

டெம்ப்ளேட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாதக் கடைசி வரை காத்திருக்கவும் வேண்டாம். 0, 50, 96, 100 என்ற நான்கு மதிப்புகளைக் கொடுத்துப் பாருங்கள். 0-க்கு எதுவும் வரையக் கூடாது. உருண்டை முனை இருந்தால் பெரும்பாலும் உச்சியில் ஒரு புள்ளி நிற்கும், ஒன்றுமே நடக்காத இடத்தில் ஏதோ தொடங்கிவிட்டது போல. 50-க்குக் கோடு நேராக 6 மணி நிலையில் நிற்க வேண்டும். 96-க்கு 14 டிகிரி இடைவெளி தெளிவாகத் தெரிய வேண்டும். 100-க்கு மட்டும்தான் மூட வேண்டும். உங்கள் இப்போதைய வளையம் 100-இல் மட்டும்தான் தேறுகிறது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 93 என்பது உங்கள் விதியில் 90-க்கு மேல், அதனால் பச்சை. இலக்கால் வகுத்து வந்த எண்ணை மறுபடி அதே 90-ஓடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், ஒரே இலக்கு இரண்டு முறை வேலை செய்கிறது. இந்தக் கணக்குப்படி 81 சதவீதம் எடுத்தாலே எந்தப் பிரிவும் பச்சையாகிவிடும். இதோடு `Math.round(v) >= 90` என்று முழு எண்ணாக்கிய பிறகு நிறம் முடிவாகிறது. 89.5-உம் பச்சைதான். நிறத்தை எப்போதும் முழுமையாக்காத எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டும். எழுத்தில் காட்டும்போதும் இலக்குக்கு அருகில் ஒரு தசம இடம் வேண்டும். 99.6-ஐ 100% என்று எழுதக் கூடாது, ஒன்றுகூடத் தவறவில்லை என்பதும் சில தவறின என்பதும் ஒன்றல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் வரைவதில் உள்ள தப்பு. இனிச் சொல்வது வளையத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே உள்ள சங்கடம்.

வளையத்தைப் பார்க்கிறவர் மனதில் தானாக ஒரு எண்ணம் வரும்: இது நிரம்பிக்கொண்டிருக்கிறது, விட்டால் தானே நிரம்பிவிடும். கோப்பு இறங்கும்போதும் நடைக் கணக்குப் பார்க்கும்போதும் அது உண்மை. இன்று நடந்த அடிகள் நேற்றைய அடிகளோடு கூடும். 400 பேர் பயிற்சியும் அப்படித்தான், 372-க்கு அப்புறம் 373. ஆனால் கெடுவுக்குள் தீர்த்த விகிதம் கூடிக்கொண்டே போகும் பொருள் அல்ல. தாமதமான புகார் தாமதமானதுதான், அதை அடுத்த மாதம் நேரத்தில் தீர்த்ததாக மாற்ற முடியாது. இணையப் பக்கம் எழுதும் மொழியிலேயே இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். முடியப்போகும் வேலைக்கு `<progress>`, ஓர் எல்லைக்குள் ஏறி இறங்கும் அளவுக்கு `<meter>`. நம்முடைய எண் இரண்டாவது வகை. அதை முதல் வகைப் படத்தில் போட்டிருக்கிறீர்கள்.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்கில் பாருங்கள். ஆண்டு இலக்கும் 90 சதவீதம்தான். இரண்டாவது அரையாண்டிலும் 1,800 புகார் முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்க 3,600, அதில் 3,240 கெடுவுக்குள் முடிய வேண்டும். 1,512 முடிந்துவிட்டது, இன்னும் வேண்டியது 1,728. அதாவது மிச்சமிருக்கும் ஆறு மாதமும் 96 சதவீதத்தில் ஓட வேண்டும். இதுவரை 84-இல் ஓடிய பிரிவு 96-க்கு ஏற வேண்டும். நூறு புகாருக்கு 16 தாமதம் என்பது 4 ஆக வேண்டும், நாலில் ஒரு பங்கு. இதை 93 என்ற பச்சை வளையத்தில் எந்த அதிகாரியால் படிக்க முடியும்? ஆட்களைத் திரும்ப எடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் படத்தைப் பார்த்திருந்தால் நானும் எடுத்திருப்பேன்.

இரண்டாம் பக்கத்தில் இதே எண்ணை முள் வைத்த அரைவட்டக் கேஜாகவும் போட்டிருக்கிறீர்கள். ஒரே எண்ணுக்கு இரண்டு படம் எதற்கு என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் கேஜ் 60-இல் தொடங்கி 100-இல் முடிகிறது. முழு அளவான 0 முதல் 100 வரை வைத்தால் அரைவட்டத்தில் ஒரு சதவீதப் புள்ளிக்கு 1.8 டிகிரி. போன காலாண்டின் 82-லிருந்து இந்தக் காலாண்டின் 86-க்கு ஏறியதை முள் 7.2 டிகிரி நகர்ந்து காட்டியிருக்கும். 60-இல் தொடங்கியதால் ஒரு புள்ளிக்கு 4.5 டிகிரி, முள் 18 டிகிரி தாவுகிறது. முதல் பக்கத்தில் குறைவை ஒளிக்கும் படம், இரண்டாம் பக்கத்தில் ஏற்றத்தைப் பெருக்கும் படம். ஒரே அறிக்கையில் இரண்டும் நமக்குச் சாதகமாகவே அமைந்தது தற்செயல்தான் என்று நம்புகிறேன்.

கேஜில் ஒரு நுணுக்கம் உண்டு. வெறும் முள் மட்டும் இருந்தால், அது ஓர் இடத்தைச் சுட்டுகிறது, அவ்வளவுதான். எல்லை எண்கள் இரு முனையிலும் தெளிவாக எழுதியிருந்தால் 0-இல் தொடங்காத அளவுகோலைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பின்னாலிருந்து நிறம் நிரப்பிக்கொண்டு வரும் கேஜ் நீளத்தால் பேசுகிறது. அது 0-இல் தொடங்கியே ஆக வேண்டும். உங்களுடையது நிறம் நிரப்பும் கேஜ், எல்லை எண்களும் அச்சில் இல்லை. பிறகு நிறப் பட்டைகள். 60 முதல் 70 வரை சிவப்பு, 80 வரை மஞ்சள், அதற்கு மேல் முழுக்கப் பச்சை. இலக்கு 90 என்று வைத்துவிட்டு 80-இலேயே பச்சையைத் தொடங்கியது யார் முடிவு? பச்சை தொடங்கும் இடம் இலக்குதான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

மென்பொருள் போட்டுத் தரும் எல்லையையும் நம்ப வேண்டாம். பவர் பிஐயில் ஓர் எண்ணிக்கையைக் கேஜில் போட்டு, அதிகபட்சம் எதுவும் கொடுக்காமல் விட்டால், இப்போதைய மதிப்பைச் சரியாகப் பாதி வழியில் நிறுத்தும். எண் 100 ஆனாலும் 10,000 ஆனாலும் பாதிதான். பார்க்க ஏதோ சொல்வது போல இருக்கும், ஒன்றுமே சொல்லாது.

எக்செல் கோப்பில் நடந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. பக்கத்துப் பிரிவு ஒன்று எல்லாப் புகாரையும் கெடுவுக்குள் முடித்திருந்தது, 100 சதவீதம். இலக்கால் வகுத்தால் 111.1. டெம்ப்ளேட்டில் மிச்சப் பகுதியை '100 கழித்தல் மதிப்பு' என்று சூத்திரமாக வைத்திருக்கிறீர்கள், அது -11.1 ஆனது. எக்செல் டோனட் வரைபடத்தில் எதிர்மறை எண் வந்தால் குறியை விட்டுவிட்டு 11.1 என்றே வரையும். 111.1-உம் 11.1-உம் சேர்ந்து 122.2. அதில் நிரம்பிய பகுதி 90.9 சதவீதம். எங்கள் வளையமோ 93.3. ஒரு புகாரைக்கூடத் தவறவிடாத பிரிவின் வளையம், 288 தவறவிட்ட எங்கள் வளையத்தைவிடக் காலியாக அச்சாகியிருக்கிறது! அந்தப் பிரிவில் யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர்கள் சார்பில் நான் கேட்கிறேன்.

நூறைத் தாண்டும் எண்ணுக்கு வளையமே ஒத்துவராது. ஆப்பிள் கைக்கடிகாரத்தில் உடலியக்க வளையங்கள் ஒரு சுற்று முடிந்ததும் தன் மேலேயே மறுபடி ஏறிச் சுற்றும். அது ஒருவர் தன் கையில் தனக்காகப் பார்ப்பது, இலக்கைத் தாண்டுவதில் அங்கே அர்த்தமும் உண்டு. ஆனால் புகார் தீர்வில் 111 சதவீதம் என்று ஒன்று கிடையாது. 84-ஐ 84 ஆகவே வைத்தால் அந்தச் சிக்கல் பிறக்கவே பிறக்காது.

கடைசியாக ஒன்று, இது படத்தைவிட அதற்குள் போகும் எண்ணைப் பற்றியது. 1,800 என்பது முடித்து வைத்தவை மட்டும். கெடு தாண்டியும் இன்னும் முடியாமல் மேசையில் கிடப்பவை அதில் இல்லை. எங்கள் பிரிவில் அப்படி 150 இருந்தன. அவையும் தாமதம்தான், சேர்த்தால் 1,950-இல் 1,512, அதாவது 77.5 சதவீதம். வளையத்தின் சுற்று முழுவதும் எதைக் குறிக்கிறது என்று அடியில் ஒரு வரி எழுதியிருந்தால், இந்தக் கேள்வியைப் படிப்பவரே கேட்டிருப்பார். வளையம் என்பது 'மொத்தத்தில் இவ்வளவு' என்ற வாக்குறுதி. எந்த மொத்தம் என்று சொல்லாவிட்டால் அந்த வாக்குறுதிக்குப் பொருள் இல்லை.

வளையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஓர் எண், அதற்கு உண்மையான ஒரு நூறு, சிறிய இடம், தூரத்திலிருந்து பார்க்க வேண்டிய திரை என்றால் வளையம் நன்றாகவே வேலை செய்யும். எட்டுப் பிரிவுகளை ஒப்பிட எட்டு வளையம் வரிசையாக வைப்பதுதான் வீண். ஒரே அளவுகோலில் இடத்தைப் பார்த்து ஒப்பிடுவதைத்தான் கண் மிகச் சரியாகச் செய்யும், கோணத்தை ஒப்பிடுவதில் அது தடுமாறும் என்று கிளீவ்லேண்டும் மெக்கிலும் 1984-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். பிரிவுகளை ஒப்பிடும் பக்கத்துக்கு 0 முதல் 100 வரை போகும் கிடைப்பட்டைகள் போதும். டாஷ்போர்டுக் கேஜுகளுக்கு மாற்றாக ஸ்டீபன் ஃபியூ உருவாக்கிய புல்லட் வரைபடம் இதற்கென்றே ஆனது: ஒரு பட்டை, இலக்குக்கு ஒரு குறுக்குக் கோடு, பின்னால் மங்கலான நிலைகள். கேஜ் எடுக்கும் இடத்தில் இதில் மூன்று நான்கு வரிசை அடங்கும். மேலே இருப்பவர்களுக்குக் கேஜ்தான் பிடிக்கிறது என்று ஒருமுறை நீங்கள் சொன்னீர்கள். பிடிக்கட்டும். 0 முதல் 100 வரை, இலக்கில் ஒரு கோடு, முனைகளில் எண்கள் என்றிருந்தால் கேஜை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எனவே நான் கேட்பது இவைதான். அரையாண்டு அறிக்கையின் முதல் இரண்டு பக்கங்களைத் திருத்தி, முதலில் யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்கள் அத்தனை பேருக்கும் மறுபடி அனுப்புங்கள். வலைப்பக்கத்தில் கோப்பை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவைக்க வேண்டாம், எது மாறியது, ஏன் மாறியது என்று மேலே ஒரு வரி இருக்கட்டும். சதவீதமாக உள்ள எந்த இலக்கையும் இனி இலக்கால் வகுக்காதீர்கள். 84% என்று பெரிதாகவும், அதன் கீழே 'இலக்கு 90%, 1,800-இல் 1,512' என்று சிறிதாகவும் எழுதுங்கள். முடியாமல் கிடக்கும் தாமதப் புகார்கள் மொத்தத்தில் சேர்ந்தனவா இல்லையா என்பதையும் அந்த வரியிலேயே சொல்லுங்கள். வளையத்துக்கு வெட்டு முனையும் இலக்குக் கோடும் வேண்டும். கேஜ் 0-இல் தொடங்க வேண்டும், பச்சை 90-இல்தான் தொடங்க வேண்டும், நிறத்தை முழுமையாக்காத எண் முடிவு செய்ய வேண்டும். டெம்ப்ளேட்டை எப்போது மாற்றினாலும் மேலே சொன்ன நான்கு மதிப்புகளை ஓட்டிப் பார்த்து, அந்தப் படங்களைப் பிரிவுகளுக்கு அனுப்பிவிட்டு வெளியிடுங்கள். எக்செல் கோப்பால் பாதிக்கப்பட்ட பிரிவுக்கு எழுத்தில் ஒரு விளக்கம் தாருங்கள்.

அப்புறம், ஆட்களைத் திரும்ப எடுத்த முடிவு உங்களுடையது அல்ல, அதை மாற்றும் அதிகாரமும் உங்களிடம் இல்லை என்று தெரியும். ஆனால் அந்த முடிவை எடுத்தவருக்கு, அவர் பார்த்த 93 என்பது 84-தான் என்றும், ஆண்டு இலக்கை எட்ட மிச்ச ஆறு மாதமும் 96-இல் ஓட வேண்டும் என்றும் உங்கள் குழுவின் பெயரில் ஒரு குறிப்பு போக வேண்டும். அடுத்த பணி ஒதுக்கீட்டுக் கூட்டத்துக்கு முன்பே அது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அதன் நகல் எங்கள் பிரிவுக்கும் வர வேண்டும்.

இப்படிக்கு,
புகார் தீர்வுப் பிரிவிலிருந்து மாதாந்திரக் கணக்கு அனுப்பும் ஓர் ஊழியர்